மேலாளரிடம் நேரில் சொன்ன பிறகு ராஜினாமா கடிதத்தில் என்ன எழுதுவது?

தேன்சிட்டு:
எனக்கு 30 நாள் நோட்டீஸ். புது இடத்தில் ஜூலை 6 அன்று சேர வேண்டும். ஜூன் 3 அன்று மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, அப்புறம் கடிதம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எல்லாவற்றையும் நேரிலேயே பேசிவிட்டால் கடிதத்தில் எழுத வேறு என்ன இருக்கிறது?

கருக்கல்:
முதலில் மெயிலை அனுப்புங்கள், பிறகு போய்ப் பேசுங்கள். பேச்சை முன்னால் வைத்தால் என்ன நடக்கும் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் பொறுங்க, மேலே பேசிட்டு வர்றேன், அதுவரைக்கும் மெயில் எதுவும் போட வேண்டாம்" என்பார்கள். முகத்துக்கு நேரே கேட்கும்போது மறுக்கவும் முடியாது. ஒரு வாரம் ஓடிவிடும். நீங்கள் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் நோட்டீஸ் ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

ஏட்டுக்கட்டு:
நான் நெடுங்காலம் மனிதவளப் பிரிவில் இருந்தவன். கருக்கல் சொல்லும் ஆபத்து நிஜம்தான். அதற்காக மெயிலை முந்திக்கொண்டு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மெயிலின் நகல் மனிதவளப் பிரிவுக்கும் போகும். மேலாளர் அதைத் திறப்பதற்குள் வேறு யாராவது அவரைக் கூப்பிட்டு "உங்க டீம்ல ஒருத்தர் போறாராமே?" என்று கேட்டுவிட்டால், அடுத்த ஒரு மாதம் உங்களுக்குக் கனமாக இருக்கும். மிச்ச விடுப்பு, வேலையை யாரிடம் ஒப்படைப்பது, சில நாள் முன்னதாக விடுவிப்பது எல்லாம் அவர் கையில்தானே இருக்கிறது?

பேச்சுக்கும் கடிதத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சுருக்குங்கள், போதும். கடிதத்தை முன்பே எழுதி வைத்துவிட்டு அறைக்குள் போங்கள். பேசும்போதே "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மெயில் அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். தகவலாகச் சொல்லுங்கள், அனுமதி கேட்பதாக வேண்டாம். "அனுப்பட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதிலுக்கு நீங்களே வழி விட்டதாகிவிடும்.

நெல்மணி:
இவ்வளவு பதற்றம் எதற்கு? வாயால் சொன்னாலும் சொன்னதுதான். ஜூன் 3 அன்று சொன்னால் அன்றிலிருந்தே 30 நாளை எண்ணலாம். கடிதம் வெறும் சம்பிரதாயம், மெதுவாகக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

ஏட்டுக்கட்டு:
நெல்மணி, இதில் பாதிதான் சரி. பணி நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றிய பத்தியை எடுத்துப் பாருங்கள். "எழுத்துப்பூர்வமாக" என்ற சொல் அங்கே இருந்தால் வாயால் சொன்ன நாள் கணக்கில் வராது. அந்தச் சொல் இல்லாவிட்டால் உங்கள் வாதம் நிற்கக்கூடும். ஆனால் இரண்டு பேர் மட்டும் இருந்த அறையில் என்ன சொன்னீர்கள் என்று எப்படிக் காட்டுவீர்கள்? "போகலாம்னு யோசிக்கிறேன்னுதான் சொன்னாங்க" என்று அவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது.

தேன்சிட்டுவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஜூன் 3 அன்றே கடிதம் போனால், மறுநாளிலிருந்து எண்ண 30ஆவது நாள் ஜூலை 3. ஜூலை 6க்கு வசதியாக இருக்கும். "ஒரு வாரம் பொறுங்க" என்ற பேச்சைக் கேட்டு ஜூன் 10 அன்று கொடுத்தால் கடைசி நாள் ஜூலை 10. புது இடத்தில் சேரும் தேதி கைவிட்டுப் போய்விடும். பேச்சு ஒரே பேச்சுதான், காகிதம் போன நாள்தான் வேறு.

மழைக்காகம்:
என் கதையைச் சொல்கிறேன். நேரில் பேசியபோது என் மேலாளர் நல்ல மனதோடுதான் இருந்தார். "ஒரு வாரம் முன்னாடியே போயிக்கோங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். கடிதத்தில் முழு நோட்டீஸின் தேதியை மட்டும் போட்டுக் கொடுத்தேன், அவர்தான் ஒத்துக்கொண்டாரே என்று. நடுவில் அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். புதிதாக வந்தவர் என் கடிதத்தைக் காட்டி, "இதுல இருக்கிற தேதி வரைக்கும் இருங்க" என்றார். பழையவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் இப்ப அந்த டீம்ல இல்லையே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது உதவவும் இல்லை.

கருக்கல்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பேச்சில் கிடைப்பது எதுவும் கையில் தங்காது.

ஏட்டுக்கட்டு:
தங்க வைப்பதற்குத்தான் கடிதம். பேசாமல் எழுதும் கடிதத்தில் இருக்க முடியாத இரண்டு விஷயம், பேசிவிட்டு எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று, பேச்சு நடந்ததற்கான பதிவு. முதல் வரியே இப்படி இருக்கட்டும்: "இன்று (ஜூன் 3) காலை உங்களிடம் நேரில் தெரிவித்தபடி, நான் என் பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன்." தேதியை விட்டுவிடாதீர்கள். "செய்ய விரும்புகிறேன்", "செய்யலாம் என்று எண்ணுகிறேன்" என்று குழைக்கவும் வேண்டாம். நேரில் மென்மையாகப் பேசியிருப்பீர்கள், அது இயல்பு. அந்த மென்மை கடிதத்துக்குள் வந்தால் நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று படிக்க இடம் இருக்கும்.

இரண்டு, பேச்சில் ஒத்துக்கொண்டவை. மழைக்காகம் மாட்டிக்கொண்டது இங்கேதான். முழு நோட்டீஸின் தேதியை மட்டும் எழுதினால் வாய்மொழியாகக் கிடைத்த சலுகை போய்விடும். முன்னதாகப் போகும் தேதியை மட்டும் எழுதுவது இன்னும் ஆபத்து. தேன்சிட்டுவை ஜூன் 26 அன்றே விடுவதாக மேலாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பி "என் கடைசி நாள் ஜூன் 26" என்று மட்டும் எழுதினால், பிறகு அந்தக் கடிதத்தைப் படிப்பவர் கண்ணுக்கு நீங்களாகவே 7 நாள் குறைத்துக்கொண்டு போனதாகத் தெரியும். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அந்த 7 நாள் சம்பளத்தை இறுதிக் கணக்கில் பிடித்துவிடுவார்கள். ஆகவே இரண்டு தேதியும் வேண்டும்:

"ஒப்பந்தப்படி என் நோட்டீஸ் காலம் ஜூலை 3 அன்று முடிகிறது. நாம் பேசியபடி ஜூன் 26 அன்றே என்னை விடுவிக்க நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மீதி நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் இருக்காது என்பதையும் சேர்த்து எழுத்தில் உறுதிசெய்யுங்கள். உறுதி வராதவரை ஜூலை 3 வரை பணியில் இருப்பேன்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் உங்களைக் காப்பாற்றும். அவர் பதிலே போடாவிட்டாலும் நீங்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை.

நெல்மணி:
ஒரு மனிதர் நம்பிச் சொன்னதை இப்படிச் சாட்சி வைத்து எழுதினால் அவர் மனம் கோணாதா? நேரில் பேசிச் சம்பாதித்த நல்ல பெயர் அங்கேயே போய்விடுமே.

ஏட்டுக்கட்டு:
நியாயமான கேள்விதான். அதனால்தான் "நன்றி" என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அறையை விட்டு வரும்போதே "நாம பேசினதையும் மெயில்ல ஒரு வரி சேர்த்திடுறேன், ஹெச்ஆருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்போது முகம் மாறினால் அந்த வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

பனங்காடு:
நானும் இதே நிலைமைதான். நேரில் சொன்னதும் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்கிறார்கள். ஏற்கலாமா வேண்டாமா?

கருக்கல்:
பனங்காடு, அது தனிக் கேள்வி, தனி இழையில் கேளுங்கள். ஆனால் ஒன்று. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். முடிவு செய்துவிட்டால் அன்றே கொடுங்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு யோசிக்காதீர்கள், திரும்ப வாங்க அவர்கள் சம்மதம் தேவைப்படலாம்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி. காரணத்தை எழுத வேண்டுமா? நேரில் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. வரவேண்டிய ஊக்கத்தொகை ஒன்றும் பாக்கி இருக்கிறது.

ஏட்டுக்கட்டு:
காரணம் வேண்டாம். நேரில் சொன்னது போதும். கடிதம் கோப்பில் தங்கும், அறைக்குள் இல்லாதவர்களும் படிப்பார்கள். ஊக்கத்தொகையைத் தனி மெயிலில் கேளுங்கள். ராஜினாமா கடிதத்தில் பணப் பேச்சு வந்தால் அதைத் தீர்க்கும்வரை கடிதத்தை ஏற்றதாகப் பதில் வராமல் இழுக்கும்.

மழைக்காகம்:
இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நேரில் "கண்டிப்பா வரும்" என்று சொன்னால் அதுவும் ஒத்துக்கொண்ட விஷயம்தானே? விடுவிப்புத் தேதியை எழுதலாம், பணத்தை எழுதக்கூடாதா? அடிபட்டவன் என்ற முறையில் நான் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில்தான் போடுவேன்.

ஏட்டுக்கட்டு:
தேதி அந்த மேலாளர் முடிவு செய்யக்கூடிய விஷயம். ஊக்கத்தொகை பல இடங்களில் அவர் கையில் இல்லை. அவருக்கு அதிகாரமில்லாத ஒன்றை அவர் பெயரில் எழுதினால், மறுப்பதைத் தவிர அவருக்கு வழி இருக்காது. இருந்தாலும் நீங்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை.

தேன்சிட்டு:
ஒரு சிக்கல். இப்போதுதான் தெரிந்தது, மேலாளர் ஜூன் 3 முதல் விடுப்பில் போகிறார், 8 அன்றுதான் வருவார். ஒப்பந்தத்தில் "எழுத்துப்பூர்வமான கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்" என்று இருக்கிறது. காத்திருந்து நேரிலேயே சொல்லட்டுமா?

கருக்கல்:
8 அன்று கொடுத்தால் கடைசி நாள் ஜூலை 8. முடியாது. மெயிலை அனுப்புங்கள், வந்ததும் பேசிக்கொள்ளலாம். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஏட்டுக்கட்டு:
ஜூன் 5 வரை உங்களுக்கு இடம் இருக்கிறது. அன்று கடிதம் போய்ச் சேர்ந்தால் கடைசி நாள் ஜூலை 5, மறுநாளே சேரலாம். இன்று தேதி 2 என்றால் அவர் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் கேளுங்கள். அது நடக்காவிட்டால் 4 அன்று போனில் கூப்பிட்டு, "நேர்ல சொல்லணும்னு இருந்தேன், தேதி காரணமா போன்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அன்றே மனிதவளப் பிரிவுக்கும் நகல் வைத்து அனுப்புங்கள். முதல் வரியில் "நேரில்" என்பதற்குப் பதில் "தொலைபேசியில்". பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் கேளுங்கள். அவர் விடுப்பில் இருந்தாலும் மனிதவளப் பிரிவிலிருந்து வரும் பதிலே கிடைத்த நாளுக்குச் சாட்சி.

கருக்கல்:
விடுப்பில் இருப்பவருக்குப் போன் போடுவதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தேதிக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன்.

தேன்சிட்டு:
இன்று தேதி 2தான். மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார். கடிதம் தயார். முதல் வரியில் தேதியை மாற்றி, "ஜூலை 2" என்று கடைசி நாளையும் மாற்றிவிட்டேன்.