லோகோவில் ஒரு நீலம், ஸ்லைடில் மூன்று நீலம்: ஐட்ராப்பரை நம்பலாமா?

புதுவரவு: பவர்பாயிண்ட்டில் கம்பெனி லோகோவின் நீலத்தை ஐட்ராப்பரால் எடுத்துத் தலைப்பு எழுத்து, பெட்டி, சார்ட் மூன்றுக்கும் போட்டேன். மூன்றும் ஒன்றாக இல்லை, தலைப்பு மட்டும் வெளிறிப் போய் நிற்கிறது. எங்கே தவறுகிறது?

மின்னல்கீற்று: மானிட்டர் கோளாறு. காலிபரேட் பண்ணாத மானிட்டரில் நீலம் எப்போதுமே இப்படித்தான் ஆட்டம் காட்டும். ஐட்ராப்பர் திரையில் இருக்கும் நிறத்தைத்தான் எடுக்கிறது, அது பொய் சொல்லாது.

வரைகோடு: மூன்றும் ஒரே ஸ்லைடில், ஒரே மானிட்டரில் இருக்கின்றன. மானிட்டர் கெட்டிருந்தால் மூன்றையும் சேர்த்துத்தானே கெடுக்கும், தலைப்பை மட்டும் எப்படித் தேடிப் பிடிக்கும்? புதுவரவு, ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, நிறப் பட்டியலின் அடியில் இருக்கும் More Fill Colors போய் (எழுத்துக்கு More Colors), Custom பக்கத்தில் Hex பெட்டியில் என்ன நிற எண் இருக்கிறது என்று பார்த்து இங்கே போடுங்கள். கண்ணை வைத்து வாதாட வேண்டாம்.

புதுவரவு: பார்த்தேன். தலைப்பு #3C7DB9, பெட்டி #0D5DA6, சார்ட் #0C5BA9. மூன்று முறையும் ஸ்லைடு மூலையில் இருக்கும் அதே லோகோவிலிருந்துதான் எடுத்தேன்!

வரைகோடு: அதே லோகோதான், ஆனால் அதே புள்ளி இல்லை. மூலையில் இருக்கும் சின்ன லோகோவில் எழுத்துகள் மெல்லிசாக இருக்கும். அந்த எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியாமல் இருக்க, நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே இரண்டும் கலந்த புள்ளிகள் வரும். உங்கள் ஐட்ராப்பர் தலைப்புக்கு அப்படி ஓர் ஓரப் புள்ளியைக் குத்தியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: #3C7DB9 என்பது சிவப்பு 60, பச்சை 125, நீலம் 185. லோகோவின் உண்மை நிறம் 11, 92, 168 பக்கத்தில் இருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால் கிட்டத்தட்ட இதே எண்கள்தான் வரும்.

மற்ற இரண்டும் ஓரிரு எண்தான் விலகியிருக்கின்றன. லோகோ ஜேபெக் கோப்பா? ஜேபெக் அளவைச் சுருக்கும்போது ஒரே சீரான நீலத்தைக்கூட அங்கங்கே லேசாகக் கலைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஐட்ராப்பருக்குத் தெரியும்.

புதுவரவு: ஜேபெக்தான். யாரோ மெயிலில் அனுப்பியது.

அச்சுமை: இதே தலைவலி எனக்கும் உண்டு. திரையில் பளிச்சென்று இருந்த நீலம் விசிட்டிங் கார்டில் மங்கலாக வந்தது. அச்சு மைக்கான பான்டோன் நிற எண் கேட்டு வாங்குங்கள், அதுதான் ஒரே தீர்வு.

வரைகோடு: அது அச்சுக் கதை, மையும் தாளும் சேர்ந்த விஷயம். இவர் திரையிலேயே மூன்று எண் வைத்திருக்கிறார். ஆனால் கேட்டு வாங்குவது நல்ல யோசனைதான்: டிசைன் செய்தவர்களிடம் பிராண்ட் கையேடு இருந்தால் Hex எண் அதிலேயே எழுதியிருக்கும். அது கிடைத்தால் ஐட்ராப்பரே வேண்டாம்.

மின்னல்கீற்று: கையேடு கேட்டால் நாளைக்கு, நாளை மறுநாள் என்று இழுப்பார்கள், மீட்டிங் இன்றைக்கு இருக்கும். ஐட்ராப்பரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். லோகோவை 400% பெரிதாக்குங்கள், அகலமான பகுதியின் நடுவில் குத்துங்கள், அவ்வளவுதான். லோகோ இணையப் பக்கத்தில் இருந்தாலும் சரி, Eyedropper அழுத்திய பிறகு சுட்டியின் இடது பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு பவர்பாயிண்ட் ஜன்னலுக்கு வெளியே இழுத்துப் போய் அங்கே விடலாம்.

வரைகோடு: இதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு முறை குத்துங்கள், மூன்று முறை வேண்டாம். முதல் தடவை எடுத்த நிறம் Recent Colors வரிசையில் வந்து நிற்கும், பெட்டிக்கும் சார்ட்டுக்கும் அங்கிருந்தே எடுங்கள். அப்போது ஓரிரு எண் தள்ளியிருந்தாலும் மூன்றும் ஒரே மாதிரித் தள்ளியிருக்கும்.

புதுவரவு: சார்ட்டில் இன்னொரு வம்பு. முதலில் நிறம் பின்னணி முழுக்கப் பூசிக்கொண்டது. அப்புறம் ஒரே ஒரு பட்டை மட்டும் மாறியது.

வரைகோடு: சார்ட்டின் விளிம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு Shape Fill போட்டால் பின்னணிக்குத்தான் போகும். பட்டை மேல் ஒரு கிளிக் என்றால் அந்த வரிசையின் எல்லாப் பட்டைகளும் தேர்வாகும். அதே பட்டையில் இன்னொரு கிளிக் என்றால் அது மட்டும். ஒரு கிளிக்கோடு நிறுத்திக்கொண்டு நிறம் போடுங்கள்.

ஆனால் உண்மையில் சார்ட்டுக்கு ஐட்ராப்பரே சரியான வழி இல்லை. நாளைக்கு டேட்டாவில் ஒரு புது வரிசை சேர்த்தால் அதற்கு நிறம் தீமிலிருந்துதான், அதாவது கோப்பு முழுவதற்கும் பொதுவான நிறத் தொகுப்பிலிருந்துதான் வரும், உங்கள் நீலத்துக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு நிறம் வந்து உட்காரும். யாராவது Reset to Match Style அழுத்தினால் நீங்கள் போட்டதெல்லாம் போச்சு. Design தாவலில் Variants, Colors, Customize Colors போய் Accent 1-இல் லோகோ நீலத்தை வையுங்கள். அந்த ஜன்னலில் ஐட்ராப்பர் கிடையாது, எண்ணைத்தான் அடிக்க வேண்டும். அதனால்தான் முதலிலேயே Hex கேட்டேன்.

மின்னல்கீற்று: இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீம் நிறத்தில் வைத்த ஸ்லைடை இன்னொருவர் தன் கோப்பில் ஒட்டினால் என்ன ஆகும்? அவருடைய தீமுக்கு மாறிவிடும், கம்பெனி நீலம் அவருடைய பச்சையாகிவிடும். ஐட்ராப்பரால் போட்ட நிறம் எங்கே போனாலும் அப்படியே நிற்கும். எங்கள் ஸ்லைடுகள் பத்துப் பேர் கைமாறுகிறவை, அங்கே உங்கள் தீம் செல்லாது.

வரைகோடு: நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஒட்டும்போது Keep Source Formatting கொடுத்தால் தப்பும், ஆனால் எல்லோரும் அதைச் செய்வார்கள் என்று நம்ப முடியாது. என் பயம் வேறு: கம்பெனி நிறத்தை மாற்றினால்? தீமில் ஓர் எண்ணை மாற்றினால் தீம் நிறம் வைத்த எல்லாம் மாறும். கையால் குத்தியவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எழுத்துருவை மொத்தமாக மாற்ற Replace Fonts இருக்கிறது, நிறத்துக்கு அப்படி ஒன்று பவர்பாயிண்ட்டில் இல்லை.

மின்னல்கீற்று: லோகோ மாறுவது எப்போதோ ஒருமுறை. ஸ்லைடு ஒட்டுவது தினமும்.

தெளிவுபார்வை: நடுவில் வருகிறேன். சரியாக எடுத்த நிறம் எழுத்துக்குச் சரியாக இருக்கும் என்று ஏன் எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள்? இந்த நீலம் வெள்ளையில் தப்பித்துவிடும், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு கிட்டத்தட்ட 6.7-க்கு 1 வரும், சாதாரண எழுத்துக்கு 4.5 இருந்தால் போதும். ஆனால் பல லோகோக்களில் கூடவே ஒரு மஞ்சளும் இருக்கும். #F2B705 மாதிரி ஒரு மஞ்சளை வெள்ளையில் எழுத்தாக வைத்தால் 2-ஐக்கூடத் தொடாது, கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டிக்கு மஞ்சள் போட்டு அதன் மேல் கறுப்பில் எழுதலாம், எழுத்துக்கே மஞ்சள் வேண்டாம்.

இன்னொன்று, மெல்லிய எழுத்தில் அதே Hex போட்டாலும் பெரிய பெட்டியில் இருப்பதைவிட வெளிறித்தான் தெரியும். லோகோவைக் கெடுத்த ஓரப் புள்ளிகள் இங்கேயும் உண்டு. நான் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிவிடுவேன்.

மின்னல்கீற்று: நான் எழுத்துக்கு மட்டும் ஒரு படி அடர்த்தியான நீலம் வைப்பேன்.

வரைகோடு: வேண்டவே வேண்டாம். அப்படித்தான் நாலாவது நீலம் பிறக்கும்.

புதுவரவு: கையேடு கிடைத்துவிட்டது. எண் #0B5CA8. Accent 1-இல் வைத்துவிட்டேன், ஆனால் தலைப்பு மாறவே இல்லையே?

வரைகோடு: தலைப்பில் நீங்கள் கையால் போட்ட #3C7DB9 இன்னும் அப்படியே இருக்கிறது, தீம் அதைத் தொடாது. தலைப்பைத் தேர்ந்தெடுத்து நிறப் பட்டியலின் மேல் பகுதியில் Theme Colors வரிசையில் அந்த நீலத்தைக் கொடுங்கள். பெட்டிக்கும் அதே. சார்ட்டில் வலது கிளிக் செய்து Reset to Match Style.

மின்னல்கீற்று: ரீசெட் கொடுத்தால் சார்ட்டில் கையால் செய்த மற்ற அலங்காரமும் சேர்ந்து போகும், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.