மலாய் ஆய்வுச் சுருக்கம்: இந்தப் பெயர்ச்சொல் அடுக்கை எப்படிப் பிரிப்பது?

நண்பர்களே, மலாய் கல்வியியல் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். ‘கெபெர்கெசானான் பெலக்சானாஅன் பெனிலாயான் குரு’ என்ற தொடரில் சிக்கிக்கொண்டேன்.

ஒட்டுகளைக் கழற்றினால் கெசான் (விளைவு), லக்சானா (நிறைவேற்று), நிலாய் (மதிப்பு) கிடைக்கின்றன. அவற்றை வினையாக்கினால் ‘எவ்வளவு திறம்பட மதிப்பிடுகிறார்கள்’ என்று ஆங்கிலம் தெளிவாகிவிடும். நடுவில் உள்ள ‘பெலக்சானாஅன்’ அந்த வினையிலேயே அடங்கிவிடும். ஒரு திட்டத்தின் அமலாக்கத்தைப் பற்றிய ஆய்வென்றால் மட்டும் அதை விடக்கூடாது.

சரி, மதிப்பிடுவது யார்? குரு மதிப்பிடுகிறாரா, மதிப்பிடப்படுகிறாரா? ‘ஓலே’ இருந்தால் செய்பவர், ‘தெர்ஹாடாப்’ இருந்தால் செயலுக்கு உள்ளாகுபவர் என்று பிரிக்கலாம். இங்கே இரண்டும் இல்லை. வினாப்பட்டியலை நிரப்பியவர்களும் ஆசிரியர்களே, அது இரு பொருளுக்கும் ஒத்துப்போகிறது.

சுருக்கத்துக்குள்ளேயே வேறு எந்தத் தடயத்தைப் பார்ப்பீர்கள்? கட்டுரையாசிரியரைக் கேட்காமல் இதை முடிவுசெய்யலாமா?