முட்டி தேய்மானம்: ஸ்குவாட் பண்ணதும் வீங்கிடுச்சு, எக்சர்சைஸ நிறுத்தணுமா?

மீனா, திருச்சி:
எனக்கு 54 வயசு, ரெண்டு வருஷமா வலது முட்டில வலி. எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னு சொன்னாங்க, தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு ஒத்த வரில அனுப்பிட்டாங்க. போன வாரம் வீடியோ பாத்து ஸ்குவாட் ஆரம்பிச்சேன், முதல் நாள் 20, அடுத்த நாள் 30, மூணாவது நாள் காலைல கட்டில்லேருந்து கால கீழ ஊன முடியல, முட்டிக்கு மேல பொதபொதன்னு வீங்கிடுச்சு. வீடு மாடில, எறங்கும்போது கைப்பிடிய விடவே முடியல. பண்ணா இன்னும் தேஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

ராஜாமணி:
உடனே நிறுத்துங்க அக்கா. தேஞ்ச டயர ஓட்ட ஓட்ட இன்னும் தேயத்தான் செய்யும். தரைல உக்காராதீங்க, படி ஏறாதீங்க, எண்ணெய் தேச்சு முழு ரெஸ்ட் எடுங்க. எங்க அப்பா அப்படித்தான் இருக்காரு.

பிசியோ கவிதா:
வீக்கம் இருக்கற நாலஞ்சு நாளைக்கு ரெஸ்ட் சரிதான் ராஜாமணி சார், ஆனா மாசக்கணக்கா உக்காந்துட்டா தொடை தசை இளைச்சிடும், அப்பறம் படி எறங்கும்போது வர்ற வெயிட்ட தசை தாங்காம முட்டியே வாங்கும். அதோட முட்டி டயர் இல்ல, அளவா வேலை குடுத்தா தாங்கிக்கற உயிருள்ள மூட்டு.
மீனா அக்கா, எவ்ளோ கீழ வரைக்கும் உக்காந்தீங்க? முட்டி சூடா செவந்து இருக்கா, காய்ச்சல் உண்டா? காலைல விறைப்பு எவ்ளோ நேரம் இருக்கு?

மீனா, திருச்சி:
சூடு, காய்ச்சல் எதுவும் இல்லம்மா. விறைப்பு பத்து நிமிஷம், நடந்தா போயிடும். பாத்ரூம் முக்காலி உயரத்துக்கு உக்காந்தேன், வீடியோல அந்த பொண்ணு அதுக்கும் கீழ போனா.

செந்தில்:
எனக்கு 32, பந்து விளையாடும்போது முட்டி திரும்பிடுச்சு, இப்ப பாதி மடக்கும்போது சிக்கிக்குது, நீட்ட முடியல. நானும் ஸ்குவாட் பண்ணலாமா?

பிசியோ கவிதா:
செந்தில், உங்களோடது வேற விஷயம், உள்ள இருக்கற ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம். சிக்கிக்கற முட்டிக்கு இங்க பதில் தேடாதீங்க, எலும்பு டாக்டர நேர்ல பாருங்க.

அக்கா, எக்சர்சைஸ் தப்பு இல்ல, உயரமும் எண்ணிக்கையும்தான் தப்பு. எவ்ளோ கீழ போறீங்களோ அவ்ளோ அழுத்தம் முட்டிச்சில்லுக்கு அடில விழும். வீக்கம் வத்தற வரைக்கும் படுத்துக்கிட்டு முட்டிக்கு அடில துண்ட சுருட்டி வெச்சு கீழ்நோக்கி அழுத்துங்க, அஞ்சு எண்ணிட்டு விடுங்க, பத்து தடவ. கால் ஊன்ற பாரம் இல்லாமயே தொடை வேலை செய்யும்.

வத்துனதும் டைனிங் சேர்ல ரெண்டு போர்வைய மடிச்சு போடுங்க, உக்காந்தா இடுப்பு முட்டிய விட உசரமா இருக்கணும். சேர சுவத்துல அணைச்சு வெச்சு எழுந்து உக்காருங்க, உக்கார்றப்ப மூணு எண்ணி மெதுவா எறங்குங்க, முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. எட்டு தடவ, ரெஸ்ட் விட்டு இன்னொரு எட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

செய்யறப்ப பத்துக்கு மூணு நாலு வலி வந்தா பயப்படாதீங்க. அடுத்த நாள் காலைல முட்டி எப்படி இருக்குன்னு பாருங்க. வழக்கம்போல இருந்தா அளவு சரி. வீக்கமோ விறைப்போ கூடுனா நிறுத்தாதீங்க, இன்னொரு போர்வைய ஏத்துங்க இல்ல எண்ணிக்கைய கொறைங்க. ரெண்டு வாரம் சுளுவா போனா ஒரு போர்வைய எடுங்க. படில ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது வலிக்கற கால் முதல்ல.

ராஜாமணி:
அப்பாவுக்கு 71, மூணு மாசமா வெளிய நடக்கல. அவரும் இத பண்ணலாமா?

பிசியோ கவிதா:
சேர் கைப்பிடிய புடிச்சுக்கிட்டு அஞ்சு தடவைல ஆரம்பிக்கட்டும். தடுமாறுவார்னா பக்கத்துல ஆள் நிக்கணும், இதயம், பிரஷர் ஏதாவது இருந்தா டாக்டர கேட்டுட்டு.

மீனா, திருச்சி:
ஆறு வாரம் கழிச்சு எழுதறேன். நாலாவது வாரம் கல்யாண வீட்டுல நாள் முழுக்க நின்னேன், மறுநாள் கனமா இருந்துச்சு, போர்வைய திரும்ப ஏத்துனேன், மூணே நாள்ல சரியாச்சு. இப்ப ஒத்த போர்வைல பத்து பத்து பண்றேன். எறங்கறப்ப கைப்பிடிய சும்மா தொட்டுக்கறதோட சரி. வலி சுத்தமா போகல. கொலு வருது, தரைல சம்மணம் போடலாமா?

பிசியோ கவிதா:
அதுக்கு எல்லாருக்கும் ஒரே பதில் இல்லக்கா. சிலருக்கு அஞ்சு நிமிஷம் ஒத்துக்கும், சிலருக்கு எழுந்திருக்கறதுதான் கஷ்டம். மொத தடவ பக்கத்துல ஸ்டூல் வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, மறுநாள் காலைல முட்டி எப்படி இருக்குன்னு எழுதுங்க.

ராஜாமணி:
என்னைக் கேட்டா சம்மணம் வேணாம் அக்கா, சேர்லயே உக்காந்து சுண்டல் குடுங்க. அப்பா இன்னைக்கு ஆறு தடவ எழுந்தாரு.