பூ முன்பதிவுத் தளம்: 95ஆம் சதமானம் ஏன் இறங்கவில்லை?

வணக்கம் நண்பர்களே. மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்காக ஒரு முன்பதிவுத் தளம் செய்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நிமிடத்துக்கு 60 பேர் நுழைந்து, ஆளுக்கு 2 நிமிடம் இருக்கிறார்கள். ஆகவே ஒரே நேரத்தில் 120 பேர் என்று கணக்கிட்டு ஜேமீட்டரில் சோதித்தேன். முதலில் 10 விநாடியில் அத்தனை பேரையும் ஏற்றியது என் தவறு. கூட்டம் அப்படி வருவதில்லை. இப்போது 10 நிமிடத்தில் ஏற்றி, 20 நிமிடம் நிலையாக ஓட்டுகிறேன்.

பதில் வரும் நேரத்தின் இடைநிலை 300 மில்லிவிநாடி. 95ஆம் சதமானமோ 4 விநாடி. இருபதில் ஒரு கோரிக்கை அதற்கும் மேல் காத்திருக்கிறது. ஈரக்கையோடு மல்லிகை நிறுத்துக்கொண்டிருப்பவர் அவ்வளவு நேரம் பொறுக்காமல் பொத்தானை மறுபடி அழுத்திவிடுவார். ஏற்றும் நேரத்து அளவுகளை நீக்கிப் பார்த்தும் குறையவில்லை. சிபியு 30 சதவீதம்தான். தரவுத்தள இணைப்புகள் 10 மட்டுமே என்பதால் கோரிக்கைகள் அங்கே வரிசையில் நிற்கின்றனவோ என்று சந்தேகிக்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இதை உறுதிசெய்வது எப்படி?