304: ஒரு தாள் குறைந்தால் திரும்பக் கலைப்பதா? அவசரம்

கல்லடிப் பொடியன்: செத்த வீட்டில் இருந்து எழுதுகிறேன், சண்டை ஓயவில்லை. மாமா 170 கேட்டார். எட்டுத் தாளும் பிரித்து முடிந்த பிறகு ஒருத்தர் கையில் ஏழுதான் இருக்கிறது. பிழையாகப் பிரித்தது என்று கத்தினார்கள். இடையில் துரும்பும் திரும்பிவிட்டது. என்ன செய்ய?

காரைதீவு சேகர்: எத்தனை பேர் விளையாட்டு? ஏழு தாள் யாரிடம்?

அக்கரைப்பற்று நானா: பிழையாகப் பிரித்தால் பிரித்தவரே திரும்பப் பிரிக்க வேணும். இதில் கேள்வி என்ன?

பழைய கை: தம்பிமார், எண்ணத் தெரியாமல் ஏன் உட்காருகிறீர்கள்? இதே கேள்வியை எத்தனை தரம்தான் பார்ப்பது.

கல்லடிப் பொடியன்: நாலு பேர். ஏழு மாமாவிடம்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்: அப்போ பிழையே இல்லை. கேட்டவர் முதல் நாலு தாளில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். மிச்சம் மூன்று, பிறகு நாலு, கையில் ஏழுதான் வரும். மேசையில் கிடக்கும் தாளையும் சேர்த்து எண்ணுங்கோ, 32 சரியாக வரும். இனிக் கேட்க வேண்டியது, துரும்பைத் திருப்பினது யார்?

பிரிட்ஜ் பிரியன்: காட்டிய தாள் மேசையில் திறந்தபடி கிடக்க வேணும், முதல் வாய்ப்பிலேயே அதைப் போட வேணும். பிரிட்ஜில் சட்டமே அதுதான்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்: அது எதிர்த்து ஆடுகிறவருக்கு. ஆட்டத்தை எடுத்தவர் தாளைக் காட்டினால் பிரிட்ஜிலும் தண்டனை இல்லை. அதோடு இது 304. இங்கே மூடின துரும்பால் வரும் லாபமே, எந்த இனம் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான். இனம் இல்லாதவர் தாளைக் கவிழ்த்துப் போட்டு, வெட்டுமா என்று ஊகிக்க வேணும். எதிர்ப்பக்கம் திருப்பினால் அந்த லாபம் மாமாவுக்குப் போய்விட்டது. அதனால் தெரிவு மாமாவுக்கு: தாளைக் கையில் எடுத்துத் திறந்த துரும்பாக ஆடலாம், அல்லது கலைக்கச் சொல்லலாம். மாமாவோ அவரது சோடியோ திருப்பினால் தெரிவு இல்லை, திறந்தே ஆட வேணும். எங்கள் பக்கம் இப்படித்தான் தீர்ப்பது.

அக்கரைப்பற்று நானா: கலைக்கச் சொல்ல விட்டால், கை மோசம் என்றதும் ஆள் கலைத்துவிடுவாரே? எங்கள் ஊரில் கட்டாயம் ஆட வேணும்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்: அப்படியென்றால் தோற்கப்போகிற எதிராளி வேணுமென்றே துரும்பைத் திருப்புவானே நானா.

காரைதீவு சேகர்: எனக்கும் போன கிழமை சண்டை. சோடி முறை வருமுன் ஆடுதன் ஜாக்கைப் போட்டுவிட்டார். 30 புள்ளித் தாள். திரும்ப எடுக்கவா?

பழைய கை: எடுக்கலாம். எல்லாரும் பார்த்தாச்சு, எதிர்ப்பக்கத்துக்குத்தான் லாபம்.

பிரிட்ஜ் பிரியன்: சோடியும் பார்த்தாரே! அவர் அதற்கேற்றபடி போடுவார். ஜாக் மேசையிலேயே கிடக்க வேணும்.

பழைய கை: பிரிட்ஜை விடமாட்டீர்.

கல்லடிப் பொடியன்: துரும்பைத் திருப்பினது எதிர்ப்பக்கத்து மச்சான்தான், கலாவரை ஒன்பது. ரீச்சர் சொன்னது வருமுன் கலைத்துவிட்டார்கள். மாமா எழும்பிக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

அக்கரைப்பற்று நானா: 170 கேட்டவர் கையில் வேறு என்ன இருந்தது?