கால்வாய்த் தூண்களும் இரட்டிப்பான 2.6 மீட்டரும்

கால்வாய்க்கரை:

பெரியாறு பிரதானக் கால்வாய், கள்ளந்திரியிலிருந்து மேலூர் வரை. கரையில் பழைய சிமென்ட் அளவைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் இருப்பிட எண்கள் எவரெஸ்ட் ஸ்பீராய்டில், மண்டலம் 44இல், ஒரு பழைய பதிவேட்டில் கையெழுத்தில் கிடைத்தன. அதே தூண்களை நாங்கள் ஆர்டிகே ஜிபிஎஸ் வைத்து அளந்தோம்.

எல்லாரும் போடும் மூன்று நகர்வு எண்களான 295, 736, 257 போட்டுப் பழைய எண்களை ஜிபிஎஸ் எண்களாக மாற்றினோம். பெரிய வித்தியாசம் போய்விட்டது, சில்லறை நின்றுவிட்டது. மேலூர் முனையில் புள்ளி இன்னும் வடக்கே 4 மீட்டர், மேற்கே 2.6 மீட்டர் போக வேண்டும். கள்ளந்திரி முனையில் வடக்கே 3.1, மேற்கே 2.9. ஒரே அளவாக இருந்திருந்தால் கூட்டிக் கழித்து அன்றே வீட்டுக்குப் போயிருப்போம். அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், மிச்சத்துக்கு மட்டும், எந்த இடத்தில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லும் ஒரு கிரிட் செய்யும் வேலை ஒரு நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் `NTv2` வடிவத்தில் `.gsb` கோப்பு ஒன்று கொடுத்தார்கள்.

அதைப் போட்ட நிமிடத்தைத்தான் மறக்க முடியவில்லை. கரையில் வண்டி நிழலில் மடிக்கணினியை வைத்து ட்ரோன் படத்தைப் பெரிதாக்கினோம். மேலூர்த் தூணுக்கான புள்ளி வடக்கு தெற்கில் அச்சாகப் பொருந்தியது. கிழக்கு மேற்கில், 2.6 மீட்டராக இருந்த வித்தியாசம் 5.2 ஆகியிருந்தது, புள்ளி தண்ணீரில் கிடந்தது. நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் கொஞ்சமும் அசராமல், “தூண் நகர்ந்திருக்கும் சார்” என்றார். எல்லாத் தூண்களும் ஒரே திசையில், தம் பிழையை இரண்டால் பெருக்கிக்கொண்டா நகரும்?

இதைப் போல யாராவது பார்த்திருக்கிறீர்களா?

வைகைவாசி:

நீங்கள் கண்டத்தட்டு நகர்வை மறந்துவிட்டீர்கள். இந்தியத் தட்டு வடகிழக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. போய்க்கொண்டிருக்கிறது. பழைய தூண் என்றால் பல பத்தாண்டுக் கணக்கு. மீட்டர் கணக்கில் வரத்தான் செய்யும். திண்டுக்கல் சாலையில் ஒரு வேலையில் எனக்கும் மூன்று மீட்டர் நின்றது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. பிறகு இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சங்கிலி66:

வைகைவாசி தம்பி, நகர்வு உண்மை. ஆனால் இங்கே அது குற்றவாளி அல்ல. 5 செ.மீ. வீதம் இருபது ஆண்டுக்கு ஒரு மீட்டர். அதுவும் ஜிபிஎஸ் எண்கள் எந்த ஆண்டின் நிலைக்குக் கணக்கிடப்பட்டவை என்பதைப் பொறுத்துத்தான் தெரியும். தூணும் அதன் கீழே இருக்கும் நிலமும் சேர்ந்தே நகர்வதால், முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் மாறுவதற்கு அது காரணமாகாது. கள்ளந்திரியில் 3.1, மேலூரில் 4 என்று மாறுகிறதே, அது பழைய முக்கோண அளவையின் நெளிவு. மலைக்கு மலை கோணம் பார்த்து, சங்கிலித் தொடராகக் கணக்கிட்டு வந்த வலைப்பின்னலில் பிழை ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் குறையும். மூன்று எண்களால் இந்தியா முழுவதையும் மொத்தமாக நகர்த்துவது அந்த நெளிவைத் தொடாது. கிரிட் தொடும்.

இப்போது கால்வாய்க்கரைக்கு. ஒரு திசை சரியாகி, இன்னொரு திசை இரட்டித்தால் அது குறி தவறியது. வேறெதுவும் இப்படி அழகாக இரட்டிப்பதில்லை. `NTv2` கோப்பில் தீர்க்கரேகை மேற்கை நேர்மறையாக வைத்து எண்ணும். நாம் எல்லாரும் கிழக்கை நேர்மறையாக எழுதிப் பழகியவர்கள். மேற்கே 2.6 மீட்டர் போக வேண்டும் என்றால் அந்தக் கோப்பில் கூட்டல் குறியோடு நிற்க வேண்டும், கழித்தல் குறியோடு அல்ல. அட்சரேகைக்கு இந்தத் தலைகீழ் கிடையாது. அதனால்தான் உங்கள் வடக்கு தெற்கு பிழைத்துக்கொண்டது.

மேலூர்ப் பக்கம் தீர்க்கரேகையில் ஒரு விநாடி ஏறத்தாழ 30.5 மீட்டர். 2.6 மீட்டர் என்றால் 0.085 விநாடி, அதாவது 0.0000236 பாகை. PROJ நிரலின் `cct` கட்டளையில் கிரிட்டை மட்டும் தனியாக ஒரு புள்ளிக்கு ஓட்டிப் பாருங்கள். மற்ற மாற்றங்கள் எதுவும் வேண்டாம்.

```
echo 78.34 10.03 0 0 | cct -d 7 +proj=pipeline \
 +step +proj=unitconvert +xy_in=deg +xy_out=rad \
 +step +proj=hgridshift +grids=./kalvai.gsb \
 +step +proj=unitconvert +xy_in=rad +xy_out=deg
```

தீர்க்கரேகை 78.34இலிருந்து குறைய வேண்டும். 78.3399764 போல வந்தால் கோப்பு நல்லது, தவறு வேறிடத்தில். கூடியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

கருவேலங்காடு:

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தின் புலப்படத்தை வைத்து, கைபேசி ஜிபிஎஸ்ஸில் எல்லைக் கல்லைத் தேடினேன். கல் ஆறு மீட்டர் தள்ளிப் பக்கத்து நிலத்தில் வருகிறது. பக்கத்துக்காரர் என்னை முறைக்கிறார். இந்தக் கிரிட் கோப்பை எங்கே இறக்கிக்கொள்ளலாம்? கால்வாய்க்குச் செய்தது எங்கள் ஊருக்கும் பொருந்துமா?

சங்கிலி66:

பொருந்தாது ஐயா, உங்களுக்கு அது தேவையும் இல்லை. புலப்படத்தில் டேட்டமே கிடையாது. அதில் இருப்பவை கல்லுக்குக் கல் அளந்த நீளங்களும், அளவைக் கோட்டிலிருந்து எடுத்த குத்தளவுகளும்தான். அதில் அட்சரேகையும் இல்லை, தீர்க்கரேகையும் இல்லை. யாரோ அதைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் கண்ணால் பார்த்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு ஆறு மீட்டர் பிசகினால் கிரிட் என்ன செய்யும்? கைபேசியே மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் காட்டும். உங்கள் புலத்தைச் சுற்றி அசையாத பழைய கற்கள் மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். முச்சந்திக் கல் கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றிலிருந்து நாடா பிடித்து, படத்தில் உள்ள நீளங்களோடு ஒப்பிடுங்கள். நீளங்கள் ஒத்துவந்தால் அந்தக் கற்களிலிருந்து காணாத கல்லுக்கு அளந்துபோகலாம். படத்தின் அளவு சங்கிலியிலா மீட்டரிலா என்பதை முதலில் பாருங்கள். 66 அடிச் சங்கிலி 20.1168 மீட்டர். பிறகு பக்கத்துக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளவைக்கு மனுப் போடுங்கள். தனியாகக் கைபேசியோடு வரப்பில் நடப்பது வழக்கைத்தான் வளர்க்கும்.

நாகமலைப்புதுக்கோட்டை:

கிரிட் என்றதும் எனக்கு நினைவு வருவது வேறு. எங்கள் அலுவலகத்தில் ஒரே கோப்பை இரண்டு கணினிகளில் மாற்றினோம். ஒன்றில் சரி, இன்னொன்றில் நான்கு மீட்டர் பிசகு. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பல மணி நேரம் அளவையாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், இரண்டாவது கணினியில் கிரிட் கோப்பே இல்லை. கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்னால் `@` இருந்தது. “இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் பேசாமல் போ” என்று அதற்கு அர்த்தமாம். அந்தக் குறியை எடுத்ததும் நிரல் கோப்பு இல்லை என்று கத்தியது. கத்துவதே மேல்.

கால்வாய்க்கரை:

சங்கிலி66 ஐயாவுக்கு நன்றி. ஓட்டிப் பார்த்தேன். 78.3400236 வந்தது. கூடியிருக்கிறது! அட்சரேகை 10.0300361, அது சரி. நிறுவனத்துக்கு இந்த ஒற்றை வரியை அனுப்பினேன். விளக்கம் ஏதும் சொல்லாமல் புதுக் கோப்பு அனுப்பினார்கள். தூண் நகர்ந்த கதையை இப்போது யாரும் பேசுவதில்லை.

கிரிட் செய்யும்போது கொடுக்காமல் மறைத்து வைத்திருந்த தூண்களில் சோதித்தோம். வித்தியாசம் முப்பது சென்டிமீட்டருக்குள் வருகிறது. ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது: ஒரு மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் தூண், 1.9 மீட்டர் கிழக்கே.

வைகைவாசி:

அப்படியானால் அந்தத் தூணையும் கிரிட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். புள்ளிகள் அதிகமானால் கிரிட் துல்லியமாகும். நான் டோப்போ ஷீட்டில் சாலைச் சந்திப்புகளை எடுத்து நாற்பது ஐம்பது புள்ளிகள் சேர்த்திருக்கிறேன். வேண்டுமானால் தருகிறேன்.

சங்கிலி66:

வேண்டாம், இரண்டையும் செய்யாதீர்கள். 1:50,000 தாளில் 5 மீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சாலைக்கோட்டின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. நீங்கள் தேடும் நெளிவை அந்தத் தாளில் பார்க்கவே முடியாது. ஐம்பது புள்ளிகள் சேர்த்தால் ஐம்பது பேரின் கைநடுக்கம்தான் கிரிட்டுக்குள் போகும். டோப்போ ஷீட் வேலைக்கு அந்த மூன்று எண்களே தாராளம்.

அடம்பிடிக்கும் தூணைச் சேர்த்தால் இன்னும் ஆபத்து. கிரிட் நான்கு மூலைகளின் மதிப்பிலிருந்து நடுவில் இருப்பதைக் கணக்கிடுகிறது. ஒரு மூலை கெட்டால் அதைத் தொட்டிருக்கும் கட்டங்கள் எல்லாம் அதன் பக்கம் சாயும். நல்ல தூண்களும் அங்கே கெட்டதாகத் தெரியும். பழைய வலையின் நெளிவு மெதுவாக மாறும். பக்கத்துத் தூணுக்கும் இதற்கும் அரை கிலோமீட்டர்தானே இருக்கும்? அந்தத் தூரத்தில் 1.9 மீட்டர் குதிப்பது நெளிவு அல்ல. தூணை யாரோ பிடுங்கி நட்டிருக்க வேண்டும், அல்லது பதிவேட்டில் ஓர் எண் மாறியிருக்க வேண்டும். போய்ப் பாருங்கள்.

கால்வாய்க்கரை:

பார்த்துவிட்டு வந்தேன். அடிப்பாகத்தில் சிமென்ட் பூச்சு மற்ற தூண்களைவிட வெளிறி இருக்கிறது. மேலே பித்தளைக் குமிழ் இல்லை, ஆணி அடித்திருக்கிறார்கள். கால்வாய்க்குச் சிமென்ட் பாவியபோது மாற்றி நட்டார்கள் என்று மதகுக்காரர் சொல்கிறார். ஆனால் பதிவேட்டிலும் அந்த வரியில் ஓர் எண் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. 3ஆ 5ஆ என்று எனக்கே பிடிபடவில்லை. அதை 5 என்று படித்தால் வித்தியாசம் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

சங்கிலி66:

அடங்குகிறது என்பதற்காக 5 என்று படிக்காதீர்கள். அந்தத் தூணை ஒதுக்கி வையுங்கள். பழைய வேலையின் கணக்குப் புத்தகம் எங்காவது இருக்கும். அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே அன்று அளந்த தூரம் அதில் எழுதியிருப்பார்கள். அந்தத் தூரத்தைப் பதிவேட்டின் எண்ணோடு ஒப்பிட்டால் 3ஆ 5ஆ என்பது தெரியும். தரையில் இன்று அளந்த தூரத்தோடு ஒப்பிட்டால் தூண் இடம் மாறியதா என்பதும் தெரியும்.

கருவேலங்காடு:

ஐயா, எங்கள் ஊரில் இரண்டு கற்கள்தான் கிடைத்தன. மூன்றாவது கிணற்று மேட்டுக்குள் போய்விட்டது. இரண்டை வைத்து ஆரம்பிக்கலாமா?

நாகமலைப்புதுக்கோட்டை:

ஆரம்பிக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்று நகர்ந்திருந்தால் எது நகர்ந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. மண்வெட்டியை எடுத்து மேட்டை ஒதுக்கி மூன்றாவதையும் தேடிவிடுங்கள்.