ஆய்வுக்கு முன் ஏஜென்சி அனுப்பும் கடிதம்: உங்கள் அனுபவம்?

கோவை_பம்ப்கடை
மோட்டார் பம்ப் உதிரிபாகங்களை இணையத்தில் விற்கிறேன். கூகுள் வழியாக வரும் விசாரணை குறைந்துபோனதால் 2025 ஜூனில் ஒரு எஸ்இஓ ஏஜென்சியிடம் போனேன். முதலில் ஒரு கடிதம்தான் வந்தது. கூகுளின் சர்ச் கன்சோலிலும் அனலிட்டிக்ஸிலும் எங்கள் மின்னஞ்சலைச் சேருங்கள், பாஸ்வேர்டு அனுப்ப வேண்டாம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். இதெல்லாம் எளிது. கடைசிக் கேள்வியில்தான் திணறினேன்: தளத்தில் இதுவரை என்ன மாற்றம், எந்தத் தேதியில், யார் செய்தது?

"பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதினேன். விடவில்லை, திரும்பவும் கேட்டார்கள். பழைய பில்களைப் புரட்டியதில், 2024 ஏப்ரல் 12 அன்று தளத்தைப் புதிதாக வடிவமைத்தது தெரிந்தது. அந்தச் சமயத்தில் தேடல் தரவரிசையையே மாற்றும் கூகுளின் கோர் அப்டேட்டும் ஓடிக்கொண்டிருந்தது (மார்ச் 5 முதல் ஏப்ரல் 19 வரை). பில் இல்லாவிட்டால் பழியை அதன்மேல் போட்டிருப்போம். தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். முகப்புப் பக்கம் அப்படியே இருந்தது. முகவரி மாறிய பொருள் பக்கங்கள் மட்டும் விழுந்திருந்தன. பழைய முகவரியைத் திறந்தால் 404. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் 301-ஐ யாரும் போடவே இல்லை.

கணக்குப்பிள்ளை
எங்கள் புது ஆடிட்டரும் இப்படித்தான் மூன்று வருட பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி எல்லாம் கேட்டார். கொடுத்துவிடுங்கள்.

கோவை_பம்ப்கடை
ஐயா, இது வரவுசெலவுக் கணக்கு இல்லை, இணையதளக் கணக்கு.

வலைநெசவு
பழைய தேதி எதற்கு? அனலிட்டிக்ஸில் 2019-லிருந்து எல்லாம் இருக்குமே. சர்ச் கன்சோலும் ஏஜென்சி கையில் இருந்தால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தேடல்_தொழிலாளி
நான் ஏஜென்சியில் இந்தக் கடிதத்தை எழுதுகிறவன். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் பதிவை நிறுத்தியது. அடுத்த வருடம் அதன் தரவையும் கூகுள் அழித்துவிட்டது. முன்பே இறக்கி வைத்த கோப்பு இருந்தால்தான் உண்டு. சர்ச் கன்சோல் காட்டுவது 16 மாதம் மட்டும். கடைக்காரர் இன்னும் மூன்று மாதம் தள்ளிப் போயிருந்தால், வடிவமைப்புக்கு முந்தைய நிலையைப் பார்க்கவே முடிந்திருக்காது. அதனால்தான் தேதிக்கு இவ்வளவு பிடிவாதம்.

அப்புறம், சர்ச் கன்சோலில் உரிமையாளர் இடத்தில் கடைக்காரரே இருக்கட்டும். ஆய்வுக்கு Full அனுமதி போதும்.

வலைநெசவு
2019 விஷயத்தில் தவறு என்னுடையது. ஆனால் Full-ஐ வைத்துக்கொண்டு புதுப் பயனரைச் சேர்க்க முடியாது. என் வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் என்னைக் காத்திருக்க வைப்பார்.

தேடல்_தொழிலாளி
காத்திருக்கலாம். முந்தைய ஏஜென்சி மட்டுமே உரிமையாளராக இருந்த கடைகளில் அணுகலைத் திரும்ப வாங்கப் பல வாரம் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கோவை_பம்ப்கடை
301 போட்டாகிவிட்டது. சில பக்கங்கள் மேலே வந்தன, பாதி இன்னும் வரவில்லை. இதற்கு நடுவே, டொமைன் பழைய வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது தெரிந்தது. போன் எடுக்கவில்லை. யாராவது இப்படி மாட்டி மீண்டிருக்கிறீர்களா?